புதுப் பாலம் கேட்டால் பழைய பாலம் வருவது ஏன்? படக் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டும் நண்பர் ஒருவருக்கு 2025 மே மாதம் ஒரு விளம்பரப் படம் செய்து கொடுக்கப் போனேன். எழுதினால் படம் வரைந்து தரும் கருவி ஒன்றில் பாம்பன் புதுப் பாலத்தைக் கேட்டேன், வந்ததை நன்றாகப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். "அண்ணே, இது எங்க தாத்தா காலத்துப் பாலம்ல" என்று பத்து நிமிடத்தில் போன் வந்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

"புதிய பாம்பன் ரயில் பாலம்னு தெளிவா எழுதியும் ஏன் பழசே வருது?"

இரண்டு பாலமும் எப்படி இருக்கும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம், மீதி எல்லாமே அதில்தான் இருக்கிறது.

பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மேல்நோக்கிச் சாயும். திறந்த நிலையில் தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்து போலத் தெரியும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் எதுவும் சாய்வதில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு, இரண்டு பக்கக் கோபுரங்களுக்கு நடுவில், லிஃப்ட் மேலே போவது போலப் படுக்கை மட்டமாகவே 17 மீட்டர் வரை உயரும். இது 'எச்' எழுத்து. ஒரு பார்வையிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் கருவி கற்றுக்கொண்ட படங்களில் 'பாம்பன் பாலம்' என்ற பெயர் எதன் மேல் ஒட்டியிருந்தது என்று யோசியுங்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அந்தப் பெயர் 'வி'க்கு மட்டுமே சொந்தம். தபால் அட்டை, காலண்டர், கல்யாண வீடியோவுக்கு முன் எடுத்த ட்ரோன் காட்சி, சுற்றுலாத் தளங்கள் என்று எல்லாவற்றிலும் அதே படம்தான். கூடவே பக்கத்தில் 1988ல் வந்த சாலைப் பாலமும் பல படங்களில் இருக்கும், ஏனென்றால் நாமெல்லாம் அதன் மேல் நின்றுதான் ரயிலைப் படம் எடுத்தோம். புதுப் பாலத்துக்கு அந்தப் பெயரில் பங்கு கேட்க அப்போது ஒரு மாத வயதுதான்.

சரி, 'புதிய' என்று எழுதினோமே? இங்கேதான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். அந்தச் சொல்லை நாம் 'அடுத்து வந்தது' என்ற பொருளில் எழுதுகிறோம். கருவிக்கு அது தோற்றத்தைச் சொல்லும் சொல், அதாவது பளபளப்பு, துரு இல்லாமை, புது பெயிண்ட். நான் கேட்ட நான்கு படத்தில் மூன்று அப்பட்டமான பழைய பாலம். நான்காவது, அதே பழைய பாலம் வெள்ளி நிறத்தில் மினுமினுவென்று. கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது, பாவம். 'தூக்குப்பாலம்' என்று சேர்த்துப் பார்த்தாலும் பயனில்லை, தமிழ்ப் பத்திரிகைகளே இரண்டையும் அதே சொல்லால்தான் குறிக்கின்றன.

"நெட்ல அந்தப் பாலத்தோட படம் ஆயிரக்கணக்குல இருக்கே, பார்த்து வரைஞ்சா என்ன?"

பார்ப்பதில்லை. இந்தக் கருவிகளுக்குள் வரையும் வேலையைச் செய்யும் பட மாடல்கள் பெரும்பாலானவை படம் வரையும் நேரத்தில் இணையத்தையும் பார்ப்பதில்லை, தன்னிடம் சேமித்து வைத்த படங்களையும் புரட்டுவதில்லை, ஏனென்றால் சேமித்த படம் என்று எதுவும் கிடையாது.

உள்ளே இருப்பது வெளிப்படையாகத் தெரிந்த ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 என்ற மாடலின் கோப்பு சுமார் 4 ஜிபி. அதன் பயிற்சிக்கு அடித்தளமாக இருந்த, ஆங்கில விளக்கமுள்ள படங்களின் தொகுப்பில் இருந்தவை சுமார் 230 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு படத்துக்கு இரண்டு பைட்கூட வராது. இரண்டு பைட்டில் பாலத்தை என்ன, ஒரு தமிழ் எழுத்தைக்கூடச் சரியாக வைக்க முடியாது. ஆக, அங்கே இருப்பது படங்கள் அல்ல. 'இந்தச் சொல் வந்தால் புள்ளிகள் பொதுவாக இப்படி அமையும்' என்ற பழக்கம் மட்டுமே, எண்களாகக் கிடக்கிறது.

படம் வரையும்போது பழைய டிவியில் சேனல் இல்லாதபோது தெரியும் புள்ளி மழை மாதிரி ஒன்றில் ஆரம்பித்து, இருபது முப்பது படிகளில் அந்த இரைச்சலைத் துடைத்துக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு படியிலும் அது தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொற்களோடு வந்த படம் என்றால் இங்கே எது இருக்க அதிக வாய்ப்பு? முதல் சில படிகளிலேயே பெரிய உருவம், அதாவது 'வி'யா 'எச்'சா என்பது, கிட்டத்தட்ட முடிவாகிவிடும். அப்புறம் நடப்பதெல்லாம் ஆணியும் அலையும் வரைகிற வேலை. அதனால்தான் பாலத்தின் அடிப்படை வடிவமே தப்பாக இருந்தாலும் கடல் நீரும் தூணின் நிழலும் அவ்வளவு அழகாக வருகின்றன.

"ஒரு கடைசித் தேதி உண்டு, அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் அதுக்குத் தெரியும்னு சொல்றாங்களே, சரியா?"

பாதி சரி. தேதி உண்டு, ஆனால் ஒன்று அல்ல, அந்தத் தேதியும் மதில் மாதிரி நேராக நிற்பதில்லை.

அதே ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மறுபடியும் உதவும். அது வெளியானது 2022 அக்டோபர். அது கற்ற படத்தொகுப்பு வெளியானது 2022 மார்ச். ஆனால் நாம் எழுதும் சொற்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி தனி. கிளிப் என்று பெயர், ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021 ஜனவரியில் அறிவித்த ஒன்று, அதை மாற்றாமல் அப்படியே எடுத்துப் பொருத்தினார்கள். அதாவது வரையும் பகுதியான கை அதற்குப் பிந்தைய உலகத்தையும் பார்த்தது, சொற்களைப் படிக்கும் பகுதியான காது 2021க்கு முன்பே நின்றுவிட்டது. 2021க்குப் பிறகு பிறந்த ஒரு பெயரைக் காது அர்த்தமற்ற சில அசைகளாக உடைத்துத்தான் கைக்கு அனுப்பும். அந்த அசைக்கூட்டம் போதுமான தடவை ஒரே உருவத்தோடு வந்திருந்தால் கை அதைப் பழகிக்கொள்ளும், இல்லாவிட்டால் பழகாது.

இந்த 'போதுமான தடவை'தான் மதிலைச் சரிவாக மாற்றுவது. ஒரு பொருள் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் வந்தது என்றால் அதன் படங்கள் தொகுப்பில் இருக்கும், ஆனால் கொஞ்சமாக இருக்கும். பெயரும் உருவமும் எத்தனை முறை சேர்ந்து வந்தன என்பதற்கும் மாடல் அதை எவ்வளவு சரியாகக் கையாள்கிறது என்பதற்கும் உள்ள உறவை 2024ல் வெளியான ஒரு ஆய்வு அளந்து பார்த்தது. கிடைத்தது நமக்குச் சாதகமாக இல்லை. திறமை ஒரே அளவில் படிப்படியாக ஏற வேண்டுமென்றால் படங்கள் ஒவ்வொரு படிக்கும் மடங்கு கணக்கில் பெருக வேண்டியிருக்கிறது. புதுப் பொருளுக்கு அந்தப் பெருக்கம் வர வருடக்கணக்கு ஆகும்.

எண்ணிக்கையை இன்னும் குறைக்கிற இரண்டு விஷயங்கள் உண்டு, யாரும் பேசுவதில்லை. செய்தி நிறுவனம் எடுத்த ஒரே புகைப்படம்தான் நானூறு தளங்களில் வரும். பயிற்சிக்கு முன் இப்படி ஒரே மாதிரி இருப்பவற்றை நீக்குவது வழக்கம், மாடல் ஒரு படத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்பதற்காக. நானூறு ஒன்றாகிவிடும். இரண்டாவது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இணையத்தில் படத்தோடு வரும் விளக்கங்கள் பெரும்பாலும் குப்பை என்பதால், சில புதிய மாடல்களுக்கு இன்னொரு மாடலே படத்தைப் பார்த்து விளக்கம் எழுதித் தருகிறது. 2023ல் வந்த டால்-ஈ 3க்குப் பயிற்சி விளக்கங்களில் 95 சதவீதம் அப்படி எழுதப்பட்டவை என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுதும் மாடலுக்கும் புதுப் பாலத்தின் பெயர் தெரியாது என்றால் என்ன எழுதும்? 'கடலின் மேல் இரும்புப் பாலம், மேகமூட்டமான வானம்.' படம் உள்ளே போய்விட்டது, பெயர் வாசலிலேயே விழுந்துவிட்டது.

"ஐபோன் 17 ப்ரோ கேட்டேன். தெரியாதுன்னு சொல்லாம 16 மாதிரியே ஒண்ணை அவ்வளவு தெளிவா வரைஞ்சு கொடுத்திருக்கு. எப்படி?"

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வகை. எனக்கு ஒரு கணக்கு உண்டு: முழுக்க முழுக்கப் புதுப் பெயர் கொண்ட பொருள் தப்பாக வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பழைய பெயரின் அடுத்த எண்ணாக வருவது தப்பாக வந்தால் யாருக்கும் தெரியாது.

2019ல் வந்த 11 ப்ரோவிலிருந்து 2024ன் 16 ப்ரோ வரை பின்பக்கம் பார்த்தால் ஒரே குடும்ப முகம்தான், இடது மேல் மூலையில் ஒரு சதுர மேடை, அதில் மூன்று லென்ஸ். ஆறு தலைமுறை. 2025 செப்டம்பரில் வந்த 17 ப்ரோவில் அந்த மேடை சதுரமாக இல்லை, போனின் அகலம் முழுக்க ஒரு திண்ணை மாதிரி நீண்டுவிட்டது. மூன்று லென்ஸ் பழைய இடத்திலேயே இடது பக்கம் இருக்க, ஃப்ளாஷ் அந்தத் திண்ணையின் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதும் மாறி, அலுமினிய உடலில் ஒரு பகுதிக்கு மட்டும் வேறு பூச்சுள்ள கண்ணாடி பதித்திருக்கிறார்கள்.

2025 செப்டம்பருக்கு முன்பே கற்று முடித்த கருவி 'ஐபோன்', '17', 'ப்ரோ' என்ற மூன்று துண்டையும் தனித்தனியாக நன்றாக அறியும். 'ஐபோன்', 'ப்ரோ' என்ற இரண்டும் சேர்ந்தாலே சதுர மேடை, மூன்று லென்ஸ். '17' என்பது ஏதோ ஒரு எண். ஆகவே அதற்குத் 'தெரியாது' என்ற நிலையே வருவதில்லை, கேட்டது எல்லாமே தெரிந்த சொற்கள். இரைச்சலைத் துடைக்கும் வேலையில் 'தெரியவில்லை' என்று நிறுத்துவதற்கு ஒரு படி கிடையாது. ஏதாவது ஒன்றை நோக்கித் துடைத்தே ஆக வேண்டும், கிட்டத்தில் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் போய் விழுவது போல அது அண்ணன் முகத்தில் போய் விழுகிறது.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தவறு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முந்தைய வடிவத்தின் பக்கம்தான் சாயும். எனவே புதிய பொருளின் படம் வந்தவுடன் முழுப் படத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பழையதுக்கும் புதியதுக்கும் இடையில் எது மாறியதோ அதை மட்டும் பாருங்கள். 17 ப்ரோவில் ஃப்ளாஷ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும், பத்து நொடி வேலை.

"வெளியாகறதுக்கு முன்னாடியே லீக் படம் நிறைய வருமே, அதுல கத்துக்காதா?"

கற்கும், அது இன்னொரு தலைவலி. வெளியீட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே ரசிகர்களும் உறை விற்பவர்களும் கற்பனையாகச் செய்த படங்கள் அதே பெயரோடு இணையத்தில் திரியும். கடைசித் தேதி வெளியீட்டுக்குச் சற்று முன்னால் விழுந்துவிட்டால் அந்தப் பெயரோடு மாடல் பார்த்தவை எல்லாமே வதந்தி மட்டும்தான். கார்களிலும் இதே கதை. டெஸ்லா சைபர்ட்ரக்கை மேடையில் காட்டியது 2019 நவம்பரில், வாங்கியவர் கைக்கு முதல் வண்டி போனது 2023 நவம்பர் இறுதியில். நடுவில் நான்கு வருடம் இணையத்தில் நிரம்பியிருந்தது மேடை வண்டியின் உருவமும் அதைப் பார்த்து வரைந்தவையும். விற்பனைக்கு வந்த வண்டியில் சைடு மிரர், பெரிய ஒற்றை வைப்பர் என்று சட்டத்துக்கும் மழைக்குமான சாமான்கள் சேர்ந்திருந்தன. வைப்பர் இருக்கிறதா என்று பார்த்தால் எந்த வண்டியை வரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"பொருள் சரி. ஒரு செய்தி நிகழ்வுன்னா? சந்திரயான்-3 இறங்கின படம் கேட்டா கொடி நட்ட மனுஷன் வர்றார்."

நிகழ்வு என்பது பொருளைவிடக் கடினம், ஏனென்றால் பொருளை வெவ்வேறு பக்கத்திலிருந்து ஆயிரம் பேர் படம் எடுப்பார்கள், நிகழ்வு ஒரே ஒரு தடவை நடந்து முடிந்துவிடும். சந்திரயான் இன்னும் விசித்திரம். 2023 ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் இறங்கியபோது வெளியே நின்று அதைப் படம் எடுக்க அங்கே யாரும் இல்லை. நாம் டிவியில் பார்த்தது கட்டுப்பாட்டு அறையும் கணினி வரைகலையும். விக்ரம் நிலவில் நிற்பதை அதன் வண்டியான பிரக்யான் எடுத்து அனுப்பிய படம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. ஆக நேரடிப் புகைப்படம் கைவிரல் எண்ணிக்கை, அதைச் சுற்றி வாழ்த்து அட்டைகளும் ஓவியங்களும் லட்சக்கணக்கில். வாழ்த்து அட்டைகளில் மூவர்ணக் கொடி, விண்வெளி வீரர், வானத்தில் பெரிய நீலப் பூமி எல்லாம் உண்டு. அதற்குக் கீழே இன்னும் ஆழமாக, 'நிலவில் இறங்குதல்' என்றாலே அப்போலோ என்ற ஐம்பது வருடப் பழக்கம்.

அதனால் கருவி நிகழ்வை வரைவதில்லை, அந்த வகை நிகழ்வு ஒன்றை வரைகிறது. வெள்ளம் கேட்டால் ஒரு வெள்ளம், பதவியேற்பு கேட்டால் ஒரு பதவியேற்பு. எந்த ஊர், எந்த மேடை, யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் கரைந்துபோகும்.

சரிபார்க்க ஒரு வழி, இடத்தை வைத்துப் பார்ப்பது. விக்ரம் இறங்கியது நிலவின் தென்பகுதியில், சுமார் 69 பாகை தெற்கு அட்சத்தில். அங்கே சூரியன் உச்சிக்கு வராது, தாழ்வாகவே நகரும், ஆகவே நிழல்கள் நீளமாக இருக்க வேண்டும். பூமியும் தலைக்கு மேல் தொங்காது, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தெரியும். விக்ரமுக்கு நான்கு கால்கள், பெட்டி போன்ற உடல், பக்கச் சுவர்களில் சூரியத் தகடு, பிரக்யான் இறங்கி வரச் சரிவுப் பலகை. ஏணியும் மனிதனும் இருந்தால் அது 1969.

"இப்போ தேடிப் பார்த்து வரையற கருவி வந்திருச்சே, பிரச்சினை முடிஞ்சுதா?"

குறைந்திருக்கிறது, முடியவில்லை. அரட்டையோடு இணைந்த கருவிகள் சிலவற்றில் முதலில் இணையத்தில் தேடிவிட்டு, கிடைத்ததை வைத்து வரையச் சொல்ல முடியும். ஆனால் தேடிக் கிடைத்தது எழுத்தா படமா என்பதில் எல்லாம் இருக்கிறது. 'செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் பாலம்' என்ற வாக்கியம் கிடைத்து அது வரையும் பகுதிக்குப் போனால், கோபுரம் எத்தனை உயரம், கம்பிகள் எப்படிப் பின்னியிருக்கின்றன, பக்கத்தில் பழைய பாலம் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. மீதியை வழக்கம்போலப் பழக்கத்திலிருந்து நிரப்பும். எண்ணும் பெயரும் பேனரில் சரியாக இருக்கும், பின்னால் நிற்கும் பாலம் வேறு ஏதோ நாட்டுப் பாலமாக இருக்கும். எழுத்து சரியாக இருப்பதாலேயே படமும் சரியாக இருக்கும் என்று நம்பத் தோன்றும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

"அப்போ நான் எப்படித்தான் எழுதிக் கேட்கணும்?"

பெயரை விட்டுவிடுங்கள். கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் பெயர்தான் பழைய உருவத்தை இழுத்துக்கொண்டு வருவது. வடிவத்தைச் சொல்லுங்கள். செங்குத்தாக உயரும் பாலங்கள் உலகில் நிறைய இருக்கின்றன, கருவி அவற்றைப் பார்த்திருக்கிறது, பாம்பன் என்ற பெயரோடுதான் பார்க்கவில்லை. பல கருவிகளுக்கு ஆங்கிலமே நன்றாக ஓடும் என்பதால் எனக்குச் சரியாக வந்ததை அப்படியே தருகிறேன்:

```
steel railway bridge across a shallow turquoise sea,
two plain steel lattice towers, one straight span between
them raised level like an elevator, many low concrete piers
```

முதல் தடவை இதில் `steel lattice` என்பதை விட்டுவிட்டு 'இரண்டு கோபுரம், உயரும் பாலம்' என்று மட்டும் எழுதினேன், லண்டன் டவர் பாலத்தின் கல் கோபுரங்கள் ராமேஸ்வரத்தில் வந்து நின்றன. ஒரு பிரபலத்தை விரட்டினால் இன்னொரு பிரபலம். பொருளையும் சொல்லி அடைத்தால்தான் நிற்கிறது. இப்படி வருவதும் பாம்பன் பாலம் அல்ல, அது மாதிரியான ஒரு பாலம், அவ்வளவுதான். வேன் விளம்பரத்துக்கு ஒரு கோட்டோவியமாகப் போதும், செய்திக்குப் போதாது.

"உண்மையான போட்டோ ஒண்ணைக் கூடவே கொடுத்தா?"

இருப்பதிலேயே நல்ல வழி இதுதான். அப்போது கருவி புள்ளி மழையில் ஆரம்பிக்காமல் உங்கள் புகைப்படத்தின் மேல் கொஞ்சம் இரைச்சல் தூவி, அங்கிருந்து துடைக்க ஆரம்பிக்கும். எவ்வளவு தூவுவது என்பதற்குச் சில கருவிகளில் `denoising strength` என்று 0 முதல் 1 வரை ஒரு அளவு இருக்கும். 0.3 வைத்தால் பாலத்தின் உருவம் அப்படியே நிற்கும், நிறமும் வெளிச்சமும் மாறும். 0.7க்கு மேல் போனால் புகைப்படம் கரைந்து, பழையபடி பழக்கம் உள்ளே வந்துவிடும். என் கையில் 0.6லேயே நடுத்துண்டு மெல்லச் சாய ஆரம்பித்தது, கூடவே பெயரையும் எழுதியிருந்ததால். படம் கொடுத்தால் பெயர் வேண்டாம் என்பது அப்போது கற்றது.

புதிய அரட்டைக் கருவிகளில் இந்த அளவு கண்ணுக்குத் தெரியாது, படத்தைக் கொடுத்து 'வானத்தை மட்டும் மாலை நேரமாக மாற்று' என்று சொன்னால் போதும். ஆனால் மூன்று நான்கு முறை தொடர்ந்து மாற்றச் சொன்னால் ஒவ்வொரு முறையும் முழுப் படமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். ஐந்தாவது மாற்றத்துக்குப் பிறகு முதல் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துத் தூண்களை எண்ணிப் பாருங்கள். அப்புறம், அந்தப் புகைப்படம் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்களே பாலத்தில் போய் எடுத்ததென்றால் சண்டையே இல்லை.

"லோரானு சொல்றாங்களே, அது வேணுமா?"

ஒரே பொருளை ஐம்பது விதமாக வரைய வேண்டுமென்றால் மட்டும். இருபது முப்பது நல்ல புகைப்படங்களை, வெவ்வேறு கோணத்தில், வெவ்வேறு வெளிச்சத்தில் கொடுத்து மாடலின் மேல் ஒரு சின்ன ஒட்டுப் பயிற்சி செய்வதுதான் லோரா. எல்லாப் படமும் ஒரே கோணம் என்றால் அந்தக் கோணத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும், பாலம் எப்போதும் இடதிலிருந்து மட்டுமே தெரியும். ஒரு விளம்பரத்துக்காக இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

"ஒரு பிரபலம் பேரைச் சொன்னா வரையவே மாட்டேங்குது. அதுவும் தெரியாததாலதானா?"

இல்லை, அது வேறு. பல கருவிகள் உண்மையான மனிதர்களை வரைவதைக் கொள்கையாகவே தடுத்து வைத்திருக்கின்றன. அங்கே மறுப்புச் செய்தி வரும், அல்லது யாரோ ஒருவர் முகம் வரும். தெரியாமல் போனால் மறுப்பு வராது, நம்பிக்கையோடு தப்பான படம்தான் வரும்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல புது மாடல் வந்தா பாம்பன் சரியாயிடும்ல?"

புதுப் பாலத்தைப் பொறுத்தவரை ஆகிவிடும் என்றே நினைக்கிறேன். இப்போது எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள், பழையதில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. நடுவில் கொஞ்ச காலம் ஒட்டுப் பாலங்கள் வரும், கோபுரமும் இருக்கும், நடுத்துண்டு இரண்டாகப் பிரிந்து சாயவும் செய்யும், இரண்டு பெயரும் ஒன்றாக இருப்பதால் அது தவிர்க்க முடியாதது.

அப்புறம் தவறு எதிர்ப்பக்கம் திரும்பும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த இரவைப் பற்றி யாராவது படம் கேட்பார்கள், பாம்பன் பாலம் என்று எழுதுவார்கள், கொந்தளிக்கும் கடலுக்கு நடுவே இரண்டு இரும்புக் கோபுரங்கள் நிற்கும். இப்போதே ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. போன வாரம் 1964 என்று எழுதிக் கேட்டேன், ரயில் பாலம் பழையதாகச் சரியாகவே வந்தது, பக்கத்தில் 1988ல் கட்டிய சாலைப் பாலமும் லாரிகளோடு வந்திருந்தது.